பாரபென் போன இடத்தில் வந்தது என்ன?

கிரீம், லோஷன், ஷாம்பூ, ஈரத் துடைப்பான் என எதை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாலும், மூலப்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எடையில் அதிகமுள்ளது முதலில் வரவேண்டும் என்பது பட்டியலின் விதி. சாதாரண லோஷன் ஒன்றில் 70 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர் இருக்கும். அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அளவில், மெத்தில் பாரபென், ஃபீனாக்சிஎத்தனால், சோடியம் பென்சோயேட் போன்ற, பொருள் கெடாமல் காக்கும் பதப்பொருள்களின் பெயர்கள் வருகின்றன. இருபது ஆண்டுகளாக வாங்குபவர்களின் அச்சம் முழுவதும் இந்தக் கடைசிப் பெயர்களின் மீதே குவிந்திருக்கிறது. முதலில் நிற்கும் தண்ணீரைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கடைசியில் நிற்பவை அங்கே இருப்பதற்குக் காரணமே அந்தத் தண்ணீர்தான்.

நுண்ணுயிர்கள் வளர்வதற்குக் கட்டுண்டு கிடக்காத தண்ணீர் வேண்டும். தேனிலும் தண்ணீர் உண்டு, ஆனால் அது சர்க்கரையோடு பிணைந்து கிடப்பதால் பாக்டீரியாவுக்குப் பயன்படாது. லோஷனில் இருக்கும் தண்ணீரோ ஏறக்குறைய முழுவதும் விடுபட்ட நிலையில் இருக்கிறது. கூடவே எண்ணெய், கிளிசரின், தாவரச் சாறு, புரதம் என நுண்ணுயிருக்கு வேண்டிய உணவும் கலந்திருக்கிறது. பதப்பொருள் இல்லாத 100 கிராம் லோஷனுக்குள் ஒருவர் விரலை விட்டு, 100 பாக்டீரியாக்களை விட்டுச் செல்கிறார் என்று கொள்வோம். அவை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்று வைத்தால் (நல்ல சூழலில் பல பாக்டீரியாக்கள் இதைவிட வெகு விரைவாகவே பெருகும்), 60 மணி நேரத்தில் இருபது முறை இரட்டித்து, டப்பாவுக்குள் 10 கோடியைத் தாண்டிவிடும். அதாவது கிராமுக்கு 10 லட்சம். அழகுப் பொருள்களுக்கான பன்னாட்டுத் தர அளவுகோல் அனுமதிப்பது கிராமுக்கு 1,000. கண்ணைச் சுற்றித் தடவுபவற்றுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றுக்கும் 100 மட்டுமே.

கிராமுக்கு 10 லட்சம் பாக்டீரியா இருக்கும் லோஷன், பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல லோஷனைப் போலவே இருக்கக்கூடும். மேற்பரப்பில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்வது, எண்ணெயும் நீரும் பிரிவது, புளித்த வாடை, மூடியைத் திறந்ததும் வாயு வெளியேறுவது ஆகியவை கெட்டுப்போனதன் அடையாளங்கள்தாம் என்றாலும், அவை மிகவும் தாமதமாகவே தெரியவரும். ‘கெட்டால் வாடையில் தெரிந்துவிடும்’ என்று நம்பி வீட்டில் லோஷன் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஏமாறுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியும் பெருக்கத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

இதனால் என்ன கேடு என்றால், நல்ல தோல் உள்ள ஆரோக்கியமான ஒருவருக்குப் பல நேரங்களில் ஒன்றும் நேராது. தோல் கிழிந்த இடம், கண், உடல் எதிர்ப்பாற்றல் குன்றியவர் என்று வரும்போது கதை மாறுகிறது. 1970-களில் அமெரிக்காவில், சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் பாக்டீரியா குடியேறிய மஸ்காராவின் தூரிகை கருவிழியைக் கீறியதால் கண்ணில் புண் ஏற்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2006 ஆகஸ்டில் பார்சிலோனாவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்குப் பர்க்ஹோல்டெரியா செபேசியா தொற்று கண்டது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நோயாளிகளின் உடலில் தடவிய ஈரப்பத லோஷனில் அது இருந்தது. கிடங்கில் இருந்த, இன்னும் திறக்கப்படாத புட்டிகளிலும் இருந்தது. இந்தப் பாக்டீரியா சில பதப்பொருள்களைத் தாங்கி நிற்கும் திறமுடையது. ஆகவே ஏதோ ஒரு பதப்பொருளைச் சேர்த்துவிட்டால் போதாது. அந்தக் கலவையில் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பார்க்கும் முறை எளிமையானது, சற்றுக் கொடூரமானதும்கூட. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 11930 வகுக்கும் சோதனையில், தயாரித்த லோஷனுக்குள் மூன்று பாக்டீரியாக்கள், ஓர் ஈஸ்ட், ஒரு பூஞ்சை ஆகிய ஐந்து நுண்ணுயிர்களையும் தனித்தனி மாதிரிகளில் கிராமுக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் வரை என்ற கணக்கில் வேண்டுமென்றே கலப்பார்கள். பின்னர் 7, 14, 28-ஆம் நாள்களில் எடுத்து எண்ணுவார்கள். ஏழாம் நாளில் பாக்டீரியாக்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கவேண்டும். அதன்பின் மீண்டும் ஏறவும் கூடாது. கடைசிவரை அடம்பிடிப்பது பெரும்பாலும் பூஞ்சைதான், அதனால் அதற்குச் சற்றுத் தளர்வான அளவுகோல் உண்டு. காகிதத்தில் நன்றாகத் தெரியும் கலவைகள் பலவும் இந்தச் சோதனையில் தோற்பதுண்டு. பதப்பொருள் எண்ணெய்ப் பகுதிக்குள் கரைந்து ஒளிந்துகொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நுண்ணுயிர் வளர்வது தண்ணீரில். பதப்பொருளும் தண்ணீரில் இருந்தால்தான் பயன். எண்ணெய் மிகுந்த கிரீமில் புரொப்பைல் பாரபென்னின் பெரும்பகுதி எண்ணெயைத் தேடிப் போய்விடும் என்பதால்தான், நீரில் கூடுதலாகக் கரையும் மெத்தில் பாரபென்னை அதனுடன் சேர்த்துப் போடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது.

பாரபென்கள் 1920-களிலிருந்து புழக்கத்தில் இருப்பவை. நடுநிலை அமிலத்தன்மையிலும் வேலை செய்யும், விலை மலிவு, மணமில்லை, ஒவ்வாமை மிகக் குறைவு. இந்த நற்பெயர் 2004-இல் கலைந்தது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா டார்பரும் அவருடைய குழுவினரும், மார்பகக் கட்டிகளின் 20 மாதிரிகளில் பாரபென்களைக் கண்டதாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி அளவு ஒரு கிராம் திசுவுக்கு 20.6 நானோகிராம், ஒரு நானோகிராம் என்பது கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. ஆய்வு சொன்னது, கட்டியில் பாரபென் இருக்கிறது என்பதை மட்டுமே. கட்டியில்லாத இயல்பான திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று அது ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. திசுவே இல்லாத வெற்று மாதிரிகளிலும் பாரபென் தென்பட்டது. அதைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. பாரபென் புற்றுநோயை உண்டாக்கியது என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஆனால் ‘மார்பகக் கட்டியில் பாரபென்’ என்ற செய்திக்கு அந்த நுணுக்கங்கள் தேவைப்படவில்லை.

அச்சத்துக்கு முற்றிலும் அடிப்படையில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. பாரபென்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலச் செயல்படும் தன்மை சிறிது உண்டு என்று 1998-இலேயே ஆய்வகச் சோதனை காட்டியிருந்தது. அதே சோதனையில், அவற்றுள் வலுவானதாகக் கண்ட பியூட்டைல் பாரபென்கூட நம் உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையோலைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வலுக்குறைந்ததாக இருந்தது. மெத்தில் பாரபென் அதனினும் வெகு கீழே. மெத்திலிலிருந்து பியூட்டைல் வரை மூலக்கூற்றின் வால் நீள நீள இந்தத் தன்மை கூடுகிறது என்பதே இங்கே கவனிக்கவேண்டியது. ‘பாரபென்’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்து அஞ்சுவது தவறாவதும் இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வேறுபாட்டைப் பார்த்தே நடந்துகொண்டது. போதிய பாதுகாப்புத் தரவு தரப்படாத ஐசோபுரொப்பைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐந்து பாரபென்களை 2014-இல் தடை செய்தது. புரொப்பைல், பியூட்டைல் இரண்டுக்கும் சேர்த்து 0.14 விழுக்காடு என்ற உச்சவரம்பை வைத்து, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் பகுதியில் தடவிக் கழுவாமல் விடும் பொருள்களில் அவற்றை விலக்கியது. மெத்தில், எத்தில் இரண்டையும் தனித்தனியே 0.4 விழுக்காடு என்ற பழைய அளவிலேயே விட்டுவைத்தது. 2020-இல் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை பியூட்டைல் பாரபென்னை ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் பொருளாகக் கருதி, மிகுந்த கவனத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்தது. என் பார்வையில் இது நியாயமான வரிசை: நீண்ட வால் உள்ளவற்றிடம் எச்சரிக்கை, குறுகியவற்றிடம் அமைதி.

சந்தை இவ்வளவு பொறுமையாக வரிசை பார்க்கவில்லை. ‘பாரபென் இல்லாதது’ என்று அட்டையில் அச்சிட்டால் விற்பனை கூடுகிறது என்று தெரிந்ததும், எல்லாப் பாரபென்களும் ஒருசேர வெளியேற்றப்பட்டன. வெற்றிடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும். ஏனெனில் பட்டியலின் தலைப்பில் இருக்கும் தண்ணீர் எங்கும் போகவில்லை. நிரப்பியவற்றுள் ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். அதற்குமுன் இது இன்னொரு ஐசோதயசோலினோனுடன் கலந்த கலவையாகவே, மிகச் சிறிய அளவில் பயன்பட்டுவந்தது. அந்தக் கலவை ஒவ்வாமை உண்டாக்கும் என்பது 1980-களிலேயே தெரியும். குற்றவாளி கலவையின் மற்ற பாதி என்று கருதியதால், 2005-இல் ஐரோப்பாவில் இதை மட்டும் தனியாக 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதித்தார்கள். கலவையில் இருந்ததைவிட இது பன்மடங்கு கூடுதல்.

விளைவு தோல் மருத்துவமனைகளில் தெரியத் தொடங்கியது. ஒவ்வாமையைக் கண்டறிய முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனையில், மெத்தில் ஐசோதயசோலினோனுக்குச் சிவந்து தடிப்பவர்களின் எண்ணிக்கை 2010-க்குப் பிறகு ஆண்டுக்காண்டு ஏறியது. ஐரோப்பாவில் சில மையங்களில் சோதிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டைத் தொட்டது. பாரபென்களுக்கு அதே சோதனையில் காணும் அளவு பொதுவாக ஒரு விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள்: முகத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் விடாத சிவப்புத் தடிப்பு, அதை எக்சிமா என்றும், இம்பெடிகோ என்றும், சொரியாசிஸ் என்றும் எண்ணி மருத்துவம் பார்த்திருந்தார்கள். பேட்ச் சோதனைதான் காரணத்தைக் காட்டியது, குழந்தைகளைத் துடைக்கப் பயன்பட்ட ஈரத் துடைப்பான். துடைப்பானை நிறுத்தியதும் தடிப்பு மறைந்தது. துடைப்பதோடு வேலை முடிந்தது என்று அந்த இடத்தைக் கழுவாமல் விட்டுவிடுகிறோம்; பதப்பொருள் மட்டும் தோலில் தங்கிவிடுகிறது.

அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமையூட்டியாக மெத்தில் ஐசோதயசோலினோனை அறிவித்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்களை ‘ஒவ்வாமையூட்டாதது’ என்ற அரிய பட்டத்தோடு அறிவித்தது; ஆண்டுதோறும் குற்றவாளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு முறை விடுதலைத் தீர்ப்பையும் எழுதினார்கள் எனலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல், தடவிவிட்டுக் கழுவாத பொருள்கள் அனைத்திலும் மெத்தில் ஐசோதயசோலினோனைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் அதன் அளவை 15 பி.பி.எம். ஆகக் குறைத்தது. ஆனால் ஒருமுறை உண்டான தொடுதோல் ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அதே பொருள் சுவர்ப் பெயிண்ட்டிலும் இருப்பதால், புதிதாக வண்ணம் அடித்த அறையில் உட்கார்ந்தாலே முகம் தடித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மெய்ப்பிக்கப்படாத ஓர் ஆபத்திலிருந்து விலகி, மெய்யான ஆபத்து ஒன்றுக்குள் இத்தனை பேர் நடந்து போனார்கள்.

வெற்றிடத்தை நிரப்பிய மற்றொன்று ஃபீனாக்சிஎத்தனால். இன்று மிகப் பரவலாகக் காணப்படுவது இதுதான். மெல்லிய ரோஜா மணமுள்ள, சற்றுப் பிசுக்கான திரவம் இது. பாக்டீரியாவிடம், குறிப்பாகச் சூடோமோனாஸ் வகையிடம் நன்றாக வேலை செய்யும், பூஞ்சையிடம் வலுக்குறைவு. அதனால்தான் பட்டியலில் இதன் அருகே எத்தில்ஹெக்சில்கிளிசரின் என்ற துணைப்பொருளை அடிக்கடி பார்க்கலாம். ஐரோப்பாவில் இதன் உச்சவரம்பு ஒரு விழுக்காடு. 2016-இல் அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, இந்த அளவில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று கருத்துரைத்தது. பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை அதனுடன் முழுதும் ஒத்துப்போகவில்லை. 2019-இல், தடவிக் கழுவாமல் விடும் பொருள்களில் இது இருந்தால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதியில் பயன்படுத்தக்கூடாது என்று அட்டையில் எழுதச் சொன்னது. டயப்பருக்குள் ஈரமும் உரசலும் மூடிய வெப்பமும் சேர்ந்து தோலின் தடுப்பாற்றலைக் குறைப்பதால், அங்கே உள்ளே செல்லும் அளவு கூடக்கூடும் என்பதே இத்தகைய கவலையின் வேர்.

ஃபீனாக்சிஎத்தனாலைப் பற்றிப் பரவும் பயமுறுத்தல்களுக்கு மூலமாக இருப்பது பெரும்பாலும் 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடுத்த ஓர் எச்சரிக்கை. பாலூட்டும் தாய்மார்கள் முலைக்காம்பில் தடவிக்கொள்ளும் ஒரு கிரீமில் ஃபீனாக்சிஎத்தனாலும் குளோர்ஃபெனெசினும் இருந்தன; பால் குடிக்கும்போது குழந்தை அதை விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நரம்பு மண்டலச் சோர்வு ஏற்படக்கூடும் என்று நிர்வாகம் எச்சரித்தது. இது நியாயமான எச்சரிக்கை. ஆனால் பச்சிளங்குழந்தையின் வயிற்றுக்குள் திரும்பத் திரும்பச் செல்லும் பொருளைப் பற்றியது. அதைப் பெரியவர் ஒருவர் முழங்கையில் தடவும் லோஷனுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது, வழியையும் அளவையும் மறந்துவிடுவதாகும். குழந்தையின் வாய்க்குப் போகும் இடத்தில் தடவுவதற்குத் தண்ணீரே இல்லாத, ஆகவே பதப்பொருளும் தேவைப்படாத களிம்பைத் தேர்ந்தெடுப்பதே முறை.

‘இயற்கையான பதப்பொருள்’ என்று விற்கப்படுபவற்றை நான் சற்று சந்தேகத்துடனே பார்ப்பேன். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றுக்கு நல்ல கிருமிக்கொல்லி ஆற்றல் உண்டு என்று பெயர். 1999-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கடையில் விற்கும் ஆறு சாறுகளைச் சோதித்தபோது, ஐந்தில் அந்த ஆற்றல் இருந்தது; அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்னும் செயற்கைக் கிருமிக்கொல்லியும் இருந்தது. அது இல்லாத ஆறாவது சாறு நுண்ணுயிர்களை ஒன்றும் செய்யவில்லை.

சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் இவற்றைவிட நேர்மையானவை, உணவிலும் பயன்படுபவை. அவற்றின் எல்லை அமிலத்தன்மை. பென்சோயேட் உப்பாக இருக்கும்போது பாக்டீரியாவின் செல் சவ்வைத் தாண்டாது. பென்சோயிக் அமிலமாக மாறிய பகுதி மட்டுமே உள்ளே புகும். கலவையின் பி.எச்., அதாவது அமிலம் கூடும்போது குறையும் அளவு, 4.5 ஆக இருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிலமாக இருக்கும். 5-க்கு ஏறினால் அது 14 விழுக்காடாகும். 6-இல் ஒன்றரை விழுக்காடு மட்டுமே. அதாவது 0.5 விழுக்காடு சோடியம் பென்சோயேட் போட்ட லோஷன், பி.எச். 6-இல் பெயரளவுக்கே பாதுகாக்கப்படுகிறது. பி.எச். தாளோ கருவியோ இல்லாமல் ‘மென்மையான’ பதப்பொருளை வாங்கிக் கலக்கும் வீட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தயாரித்த அன்று அளந்தால் மட்டும் போதாது. சில கலவைகளில் வாரங்கள் செல்லச் செல்ல பி.எச். நகரும்.

‘பதப்பொருளே இல்லை’ என்று அறிவிக்கும் கிரீம்களில் பலவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. அவை கெடாமலும் இருக்கின்றன. அவற்றின் பட்டியலைப் பார்த்தால் கேப்ரிலில் கிளைக்கால், 1,2-ஹெக்சேன்டையோல், பென்டிலீன் கிளைக்கால் போன்றவை தென்படும். சட்டம் இவற்றை ஈரப்பதம் தருபவை என்று வகைப்படுத்துகிறது. நுண்ணுயிரை அடக்கும் வேலையையும் இவை செய்கின்றன. பொய் என்று சொல்லமுடியாது, முழு உண்மை என்றும் சொல்லமுடியாது. பாரபென் இல்லை என்று பெருமையாகச் சொல்வது, சட்டம் பாதுகாப்பானதென்று ஏற்ற ஒரு பொருளை இழிவுபடுத்துவதாகும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டுதல் 2019 முதல் அத்தகைய வாசகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் பதப்பொருள் வேண்டும் என்பதில்லை. எண்ணெயும் மெழுகும் மட்டுமே கொண்ட களிம்பு, உதட்டுத் தைலம், உலர்ந்த தூள் ஆகியவற்றில் நுண்ணுயிருக்குத் தண்ணீர் கிடைக்காது. சர்க்கரையும் எண்ணெயும் கலந்த ஸ்க்ரப்பும் தண்ணீரின்றித்தான் தயாராகிறது. ஆனால் குளிக்கும்போது ஈரக்கையால் அள்ளப்படுவதால் அதற்கும் பதப்பொருள் வேண்டும். காற்றுப் புகாத பம்ப் புட்டி, ஒருமுறை திறந்து தீர்த்துவிடும் சிறு குப்பி ஆகியவை விரல்வழி வரும் கிருமியைத் தடுத்து, பதப்பொருளின் அளவைக் குறைக்க உதவுகின்றன.

பலரும் யோசிக்காமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஷாம்பூவோ திரவ சோப்போ தீரும் தறுவாயில் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மேலும் சில வாரங்கள் பயன்படுத்துவார்கள். 0.9 விழுக்காடு ஃபீனாக்சிஎத்தனால் இருந்த இடத்தில், சம அளவு தண்ணீர் ஊற்றினால் 0.45 ஆகிவிடுகிறது; குழாய்த் தண்ணீரோடு புதிய பாக்டீரியாக்களும் உள்ளே வருகின்றன. சோதனைச்சாலையில் 28 நாள் பார்த்துத் தேறியது முதல் கலவைதான். தண்ணீர் ஊற்றியதை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஊற்றாமல் விடுவது மேல்.